போட்டோவில் வரும் ஹிஸ்டோகிராம்: எண்கள் இடிக்கும்போது எங்கே பார்ப்பது

ஆய்வறிக்கை எழுதும் நர்சிங் மாணவர்களுக்குப் புள்ளியியல் பகுதியில் கைகொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அவர்கள் கொண்டு வருவது பெரும்பாலும் தரவு இல்லை, போட்டோ. பழைய ஆய்வேட்டின் ஒரு பக்கம், வார்டு சுவரில் ஒட்டிய சார்ட், கருத்தரங்கில் திரையைப் பார்த்து எடுத்த படம் என்று எதுவாகவும் இருக்கும். "சார், இதுல இருந்து சராசரியும் எஸ்.டி.யும் எடுக்கணும், மூலத் தரவு கிடைக்கல" என்பார்கள். எடுக்க முடியும். ஆனால் ஒரே ஐந்தாறு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். ஹிஸ்டோகிராம் என்பது பாடப்புத்தகம் சொல்லும் நிகழ்வுச் செவ்வகம்தான். பேச்சில் எல்லோரும் ஹிஸ்டோகிராம் என்றே சொல்வதால் அப்படியே விடுகிறேன்.

எல்லா அறிகுறிக்கும் ஒரே படத்தை வைத்துக்கொள்வோம். புறநோயாளிகள் டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த நேரம், நிமிடங்களில். எனக்கு வந்த ஒரு படத்தின் சாயல்தான், கணக்குக்கு வசதியாக எண்களை மாற்றியிருக்கிறேன். கீழ் அச்சு 0 முதல் 80 வரை. பத்து நிமிட அகலத்தில் எட்டுப் பட்டைகள். இடது அச்சில் 0, 20, 40 என்று மூன்று கோடுகள். படத்தின் தலைப்பில் 120 பேர் என்று போட்டிருக்கிறது.

சரியாகப் படித்தால் பட்டைகள் இடமிருந்து வலமாக 8, 26, 34, 22, 14, 9, 5, 2. சராசரி 30.4 நிமிடம், இடைநிலை 27.6, திட்ட விலக்கம் 16.1. வால் வலப்பக்கம் நீள்கிறது. இனி இதில் எது எப்படிக் கெடும் என்று பார்க்கலாம்.

## அறிகுறி 1: பட்டைகளைக் கூட்டினால் 120 வரவில்லை

எதைக் கணக்கிடும் முன்பும் உயரங்களைக் கூட்டிப் பாருங்கள். சராசரிக்கு ஓடுவதற்கு முன் இந்த ஒரு கூட்டலைப் போட்டால் பாதித் தவறுகள் அங்கேயே பிடிபடும். எவ்வளவு வருகிறது என்பதை வைத்தே காரணத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

### கூட்டினால் 100 வருகிறது

அச்சில் இருப்பது ஆட்களின் எண்ணிக்கை இல்லை, சதவீதம். அச்சின் பெயர் போட்டோவில் வெட்டுப்பட்டிருக்கும், அவ்வளவுதான். 34 பேர் இருக்க வேண்டிய பட்டை 28.3 என்று நிற்கும். மையம், பரவல், கோட்டம் மூன்றுக்கும் சதவீதத்தை வைத்தே கணக்குப் போடலாம், விடை மாறாது. எத்தனை பேர் என்று தேவைப்பட்டால் மட்டும் 120-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

### கூட்டினால் 0.1 போல ஏதோ வருகிறது

இது அடர்த்தி அச்சு. ஆர் மென்பொருளில் `hist(x, freq = FALSE)` என்று போட்டு வரைந்தால் இப்படித்தான் வரும். உயரத்தைப் பிரிவின் அகலமான 10-ஆல் பெருக்கிக் கூட்டினால் 1 வர வேண்டும். வந்தால் அடர்த்திதான் என்று உறுதி செய்துகொண்டு மேலே போகலாம்.

### கூட்டினால் 124 வருகிறது

அதிக நேரம் தின்பது இதுதான். 120-க்குப் பக்கத்தில் இருப்பதால் "பரவாயில்லை, கைத்தவறு" என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டுமே 124 காட்டும், ஆனால் சரிசெய்யும் விதம் வேறு.

முதல் காரணம், பட்டையை எங்கிருந்து அளக்கத் தொடங்கினீர்கள் என்பது. பல படங்களில் பூஜ்யக் கோடும் படத்தின் கீழ்ச் சட்டமும் ஒன்றாக இருக்காது. `ggplot2` வரைந்த படமென்றால், பட்டையின் அடிக்கும் சட்டத்துக்கும் நடுவே வேண்டுமென்றே கொஞ்சம் இடம் விட்டிருக்கும். சட்டத்திலிருந்து அளந்தால் ஒவ்வொரு பட்டையும் ஒரே அளவு உயர்ந்துவிடும். நம் படத்தில் ஒரு ஆளுக்கு 30 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவைக் கோடுகளிலிருந்து சரியாகத்தான் எடுத்தீர்கள், ஆனால் உயரத்தை 15 பிக்சல் கீழேயிருந்து தொடங்கிவிட்டீர்கள். ஒவ்வொரு பட்டைக்கும் அரை ஆள் கூடும். எட்டுப் பட்டைக்கு நான்கு பேர். ஆக 124.

இரண்டாவது காரணம், படம் எடுத்த கோணம். சுவரில் உயரத்தில் ஒட்டிய சார்ட்டைக் கீழே நின்று எடுத்தால் மேல்பாதி தூரத்தில் இருப்பதால் சுருங்கிவிடும். பிக்சலை மேலிருந்து கீழாக எண்ணினால், 0 கோடு 1480-ஆவது பிக்சலிலும் 40 கோடு 280-லும் இருக்கின்றன. நடுவில் உள்ள 20 கோடு 880-இல் இருக்க வேண்டும். கோணத்தால் 850-இல் இருக்கிறது. இதைக் கவனிக்காமல் 1200 பிக்சலுக்கு 40 பேர், அதனால் ஒரு ஆளுக்கு 30 என்று எடுத்தால், கீழ்ப்பாதியில் இருக்கும் குட்டைப் பட்டைகள் எல்லாம் ஐந்து சதவீதம் பெருத்துவிடும். 14 பேர் 14.7 ஆவார்கள், 8 பேர் 8.4. கூட்டினால் அதுவும் ஏறக்குறைய 124!

எது காரணம் என்று கண்டுபிடிக்க மிகக் குட்டையான பட்டையைப் பாருங்கள். 2 பேர் இருக்க வேண்டிய கடைசிப் பட்டை 2.5 காட்டினால் அடிக்கோட்டில் தவறு. 2.1 காட்டினால் கோணத்தில் தவறு. கூட்டல் தவறு குட்டையானவனைத்தான் பலமாக அடிக்கும், பெருக்கல் தவறு அவனைத் தொட்டுவிட்டுப் போய்விடும். உண்மையான 2 உங்களுக்குத் தெரியாதே என்று கேட்கலாம். தெரிய வேண்டியதில்லை. ஆட்களின் எண்ணிக்கை முழு எண்ணாகத்தானே இருக்க முடியும். எல்லாப் பட்டையும் அரையில் வந்து நின்றால் (8.5, 26.5, 34.5, 22.5...) அடிக்கோடுதான் நகர்ந்திருக்கிறது.

சரிசெய்வது, எளிதானதிலிருந்து:

அடிக்கோடு என்றால் பட்டையின் அடியைத் தொட்டு அளங்கள், சட்டத்தை மறந்துவிடுங்கள். விண்டோஸ் பெயின்ட்டில் படத்தைத் திறந்தால், கர்சர் நிற்கும் பிக்சல் எண் கீழே இடது மூலையில் தெரியும். வேறு எதுவும் தேவையில்லை.

கோணம் என்றால் இரண்டு கோடுகளுக்கு நடுவே மட்டும் அளவு எடுங்கள். 0 முதல் 20 வரை 630 பிக்சல், அங்கே ஒரு ஆளுக்கு 31.5. 20 முதல் 40 வரை 570 பிக்சல், அங்கே 28.5. உயரமான பட்டையின் தலை 451-இல் இருக்கிறதா, 850-லிருந்து 399 பிக்சல் மேலே. 399-ஐ 28.5-ஆல் வகுத்தால் 14. ஆக 20 உடன் 14, மொத்தம் 34. நடுக்கோடுகள் அதிகம் இருக்கும் படமென்றால் இது இன்னும் துல்லியமாக வரும்.

நடுக்கோடே இல்லாத படமென்றால் போனில் இருக்கும் ஆவண ஸ்கேன் வசதியால் நான்கு மூலைகளையும் பிடித்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். நிமிர்ந்துவிட்டதா என்று பார்க்க உயரமான பட்டையின் அகலம் அடியிலும் தலையிலும் சமமா என்று அளக்கலாம். பட்டைகள் நிறைய என்றால் `WebPlotDigitizer` போன்ற கருவி கைவலியைக் குறைக்கும். ஆனால் அது ஒன்றும் மந்திரம் இல்லை. தவறான அடிக்கோட்டைக் கொடுத்தால் தவறான எண்ணைத்தான் தரும்.

அப்புறம் ஒன்று: படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருக்கப்பட்டுப் பட்டையின் விளிம்பு மங்கிவிடும்.

### கூட்டினால் 120-க்கு நிறையக் குறைகிறது

109 போல வந்தால் கீழ் அச்சைப் பாருங்கள். பிரிவுகள் சம அகலத்தில் இருக்காது. நம் படத்தின் கடைசி மூன்று பிரிவுகளையும் வரைந்தவர் 50 முதல் 80 வரை ஒரே அகலப் பட்டையாகச் சேர்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 9, 5, 2 என்று மொத்தம் 16 பேர். முறையாக வரைந்திருந்தால் உயரம் 16 இருக்காது, பத்து நிமிடத்துக்கு 5.3 என்று இருக்கும். நீங்கள் உயரத்தை மட்டும் எடுத்ததால் 10.7 பேர் காணாமல் போய்விட்டார்கள். அகலம் மூன்று மடங்கு, எனவே உயரத்தை மூன்றால் பெருக்க வேண்டும். ஹிஸ்டோகிராமில் ஆட்கள் இருப்பது பட்டையின் பரப்பில், உயரத்தில் இல்லை.

வரைந்தவரே முறை தவறி 16 உயரத்துக்கு அகலப் பட்டையை எழுப்பியிருந்தால் கூட்டல் 120 சரியாக வரும், ஆனால் கண்ணுக்கு வலது ஓரத்தில் புது மேடு ஒன்று தெரியும். அங்கே எண்ணை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

## அறிகுறி 2: சராசரி 15, திட்ட விலக்கம் 11.25 வருகிறது

இதைத் தனியாக எழுதக் காரணம், இந்த வகைத் தவறை நான் பார்த்த தடவைகள் அவ்வளவு. 8, 26, 34 என்ற எட்டு எண்களை எக்செல்லில் தட்டி `AVERAGE`, `STDEV.S` போட்டுவிட்டார்கள். 120 பேரை எட்டுப் பட்டைக்குப் பங்கு போட்டால் 15. அது பட்டைகளின் சராசரி உயரம். அதன் அலகு ஆட்கள், நிமிடம் இல்லை.

இதே குழப்பம் கண்ணாலும் நடக்கும். பட்டைகள் ஏறி இறங்கி இருந்தால் "பரவல் அதிகம்", எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் "பரவல் குறைவு" என்று எழுதுகிறார்கள். நடப்பது நேர்மாறு. 0 முதல் 80 வரை எல்லாப் பட்டையும் ஒரே உயரமாக இருந்தால், நடுவில் குவியாமல் எல்லா இடத்திலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். பரவல் நம் படத்தைவிட அதிகம்.

சரியான வழி, ஒவ்வொரு பிரிவின் நடுமதிப்பை (5, 15, 25...) அந்தப் பட்டையின் ஆட்களால் பெருக்கிக் கூட்டுவது. நம் படத்தில் 3650 வரும். 120-ஆல் வகுத்தால் 30.4 நிமிடம். கையால் போட அலுப்பாக இருந்தால்:

```python
import numpy as np
m = np.arange(5, 80, 10)
f = np.array([8, 26, 34, 22, 14, 9, 5, 2])
xbar = (m*f).sum() / f.sum()
sd = np.sqrt((f*(m - xbar)**2).sum() / f.sum())
print(xbar, sd)
```

## அறிகுறி 3: சராசரி அரைப் பிரிவு தள்ளி நிற்கிறது

"சார், எனக்கு 25.4 வருது, கைடு 30.4 வரணும்னு சொல்றாங்க" என்று ஒரு மாணவி கேட்டார். வித்தியாசம் சரியாக 5. பிரிவின் அகலத்தில் பாதி. இப்படி மிகச் சரியாக அரைப் பிரிவு வித்தியாசம் வந்தால் பட்டையைப் படித்ததில் தவறில்லை, கீழ் அச்சைப் படித்ததில்தான் தவறு.

முதலில் பார்க்க வேண்டியது, நடுமதிப்புக்குப் பதில் இடது விளிம்பை எடுத்தீர்களா என்பது. அந்த மாணவி 0, 10, 20 என்று எடுத்திருந்தார். ஐந்து நிமிடம் கூட்டினால் முடிந்தது.

அது இல்லையென்றால் அச்சில் எழுதிய எண் எங்கே நிற்கிறது என்று உற்றுப் பாருங்கள். பட்டைகள் சேருமிடத்தில் நின்றால் அது விளிம்பு. பட்டையின் நடுவுக்குக் கீழே நின்றால், மென்பொருள் நடுமதிப்பையே எழுதியிருக்கலாம், அல்லது யாரோ எக்செல்லில் சாதாரணப் பட்டைப் படம் வரைந்து பிரிவின் தொடக்கத்தைப் பெயராக வைத்திருக்கலாம். இரண்டையும் பிரித்துச் சொல்ல முதல் பட்டை உதவும். காத்திருப்பு நேரம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. முதல் பட்டையின் நடுவில் 0 என்று இருந்து, அதையே நடுமதிப்பு என்று கொண்டால், அந்தப் பட்டை மைனஸ் 5-இல் தொடங்க வேண்டியிருக்கும். அப்படி இருக்க முடியாது. எனவே அது தொடக்க எண்தான்.

வயதுப் படங்களில் 20–29, 30–39 என்று எழுதுவார்கள். நிறைவடைந்த வயது என்பதால் 29 வயது 11 மாதமும் முதல் பிரிவில்தான் இருக்கும். நடுமதிப்பு 25, 24.5 இல்லை.

வித்தியாசம் அரைப் பிரிவு இல்லாமல் கால் பிரிவு அளவில், அதாவது இரண்டரை நிமிடம் போல இருந்தால் காரணம் வேறு. இதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். காத்திருப்பு நேரத்தை யாரும் 23 நிமிடம் என்று எழுதுவதில்லை, 20 அல்லது 25 என்றுதான் எழுதுவார்கள். சரியாக 30 நிமிடம் என்று எழுதியவர் எந்தப் பட்டையில் விழுவார்? ஆர் மென்பொருளின் `hist()` சாதாரணமாக அவரை 20–30 பட்டையில் போடும். பைத்தானின் `numpy.histogram` 30–40 பட்டையில் போடும். ஐந்தின் மடங்குகளாகவே எழுதிய தரவென்றால், ஆர் வரைந்த 20–30 பட்டையில் இருப்பது 25-உம் 30-உம். பைத்தான் வரைந்ததில் இருப்பது 20-உம் 25-உம். அந்த இரண்டு மதிப்புகளுக்கும் சம ஆட்கள் என்று கொண்டால் முதல் படத்தில் உண்மையான நடு 27.5, இரண்டாவதில் 22.5. நாம் 25 என்று எடுத்துக்கொள்கிறோம். படத்தைப் பார்த்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. எதில் வரைந்தார்கள், நேரத்தை எப்படிக் குறித்தார்கள் என்று ஆய்வேட்டின் முறையியல் பக்கத்தில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சராசரியைத் தசமத்தோடு எழுதாமல் "சுமார் 30" என்று விடுவது நேர்மை.

எல்லாப் பிரிவுக்கும் தொடக்கமும் முடிவும் தெரிந்திருந்தால், தரவு எப்படி இருந்தாலும் நடுமதிப்பை வைத்துப் போட்ட சராசரி அரைப் பிரிவுக்கு மேல் தவற முடியாது. எல்லோரும் இடது விளிம்பில் இருந்தால் 25.4, எல்லோரும் வலது விளிம்பில் இருந்தால் 35.4. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

## அறிகுறி 4: மூன்று பேர் மூன்று மையம் சொல்கிறார்கள்

ஒருவர் 25, இன்னொருவர் 27.6, மற்றொருவர் 30.4. மூவரும் தவறில்லை. முதலாமவர் உயரமான பட்டையின் நடுவைச் சொல்கிறார், அது முகடு. மூன்றாமவர் சொல்வது சராசரி. இரண்டாமவர் சொல்வது இடைநிலை. 60-ஆவது ஆள் எங்கே நிற்கிறார் என்று எண்ணிக்கொண்டே போனால் வரும். முதல் இரண்டு பட்டையில் 34 பேர் போய்விட்டார்கள். இன்னும் 26 பேர் வேண்டும், அடுத்த பட்டையில் 34 பேர் இருக்கிறார்கள். எனவே அந்தப் பட்டைக்குள் 34-இல் 26 பங்கு தூரம் நடந்தால் 20 உடன் 7.6.

சுருக்கமாகச் சொன்னால், வால் நீண்ட படத்தில் இடைநிலையை எழுதுங்கள். ஏன் என்பது அடுத்த அறிகுறியில் தெரியும்.

## அறிகுறி 5: திட்ட விலக்கம் நம்பும்படி இல்லை

முதலில் ஒரு சல்லடை. இந்த மாதிரி ஒற்றை மேட்டுப் படத்தில் திட்ட விலக்கம் வீச்சில் ஆறில் ஒரு பங்குக்கும் நான்கில் ஒரு பங்குக்கும் நடுவில் விழும். நம் படத்தின் வீச்சு 80, எனவே 13-க்கும் 20-க்கும் நடுவில். 16.1 அதற்குள் இருக்கிறது. 5 அல்லது 40 வந்தால் கணக்கில் எங்கோ அலகு மாறியிருக்கிறது. இது வெறும் சல்லடைதான், விடை இல்லை.

இன்னொரு சோதனை, கூட்டத்தின் நடு 68 சதவீதம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்ப்பது. கீழிருந்து 16 சதவீதம் என்பது 19-ஆவது ஆள், அவர் 14 நிமிடத்தில் நிற்கிறார். 84 சதவீதம் என்பது 101-ஆவது ஆள், 48 நிமிடம். வித்தியாசம் 34-க்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதி 16.7. சூத்திரம் தந்த 16.1-க்குப் பக்கத்தில் இருக்கிறது. போதும்.

இரண்டும் ஒத்துவராவிட்டால் கடைசிப் பட்டையின் பெயரைப் படியுங்கள். "70–80" என்று இருக்கிறதா, "70-க்கு மேல்" என்று இருக்கிறதா? மங்கிய போட்டோவில் இது கண்ணில் படுவதே இல்லை. அந்தப் பட்டையில் இருப்பவர் இரண்டே பேர், என்ன ஆகிவிடும் என்று தோன்றும். அந்த இருவரும் உண்மையில் 150 நிமிடம் காத்திருந்தார்கள் என்று வைத்துப் பாருங்கள். சராசரி 30.4-லிருந்து 31.7-க்குத்தான் போகும். ஆனால் திட்ட விலக்கம் 16.1-லிருந்து 21.5-க்குத் தாவிவிடும். இடைநிலை ஒரு இம்மியும் நகராது. கால்மானங்களும் நகராது: முதல் கால்மானம் 18.5, மூன்றாவது 40, நடுவில் 21.5 நிமிட இடைவெளி. (இரண்டு 21.5-உம் ஒன்றாக வந்தது தற்செயல், ஒன்றோடொன்று சேர்த்துப் படித்துவிடாதீர்கள்.)

ஆகவே கடைசிப் பிரிவு திறந்து கிடந்தால் திட்ட விலக்கம் எழுதாதீர்கள். இடைநிலையும் கால்மான இடைவெளியும் போடுங்கள். கைடு பிடிவாதமாக எஸ்.டி. கேட்டால், கடைசிப் பட்டைக்கு என்ன நடுமதிப்பு எடுத்தீர்கள் என்பதை அட்டவணைக்குக் கீழேயே எழுதிவிடுங்கள்.

## அறிகுறி 6: கோட்டம் எந்தப் பக்கம் என்பதில் சண்டை

பாதிப் பேர் நம் படத்தைப் பார்த்து "இடது பக்கம் குவிந்திருக்கிறது, அதனால் இடது கோட்டம்" என்பார்கள். கோட்டத்துக்குப் பெயர் வைப்பது குவியலை வைத்து இல்லை, வாலை வைத்து. வால் வலப்பக்கம் போகிறது, எனவே நேர்க் கோட்டம். சராசரி இடைநிலையைவிடப் பெரிதாக இருப்பதும் அதையே சொல்கிறது.

உச்சிக்கு இரண்டு பக்கமும் ஒரு பட்டை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். நம் படத்தில் இடது அண்டை 26, வலது அண்டை 22. அதை மட்டும் பார்த்தால் இடப்பக்கம் கனம் என்று தோன்றும். அடுத்த படிக்குப் போனால் இடது 8, வலது 14. அதற்கடுத்து இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வலது பக்கம் 9, 5, 2. கோட்டத்தைத் தீர்மானிப்பது தூரத்தில் இருக்கும் பட்டைகள்.

எண்ணாகக் கேட்டால் வேறு வகைச் சண்டை வரும். பியர்சன் முறையில், சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை மூன்றால் பெருக்கித் திட்ட விலக்கத்தால் வகுத்தால் 0.52. பௌலி முறையில் கால்மானங்களை வைத்துப் போட்டால் 0.15. மென்பொருள்கள் தரும் மூன்றாம் திருப்புத்திறன் வகையில் 0.66. மூன்றும் ஒரே படத்துக்கு உரியவை, மூன்றும் சரி. அளவுகோல்கள்தான் வேறு. ஒரு ஆய்வேட்டில் பௌலி 0.15 என்று பார்த்துவிட்டு, உங்கள் 0.66-ஐ அதோடு ஒப்பிட்டு "எங்கள் மருத்துவமனையில் கோட்டம் நான்கு மடங்கு" என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த எண் தற்செயலா என்று சந்தேகம் வந்தால், 6-ஐ ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 120 பேருக்கு 0.22. மூன்றாம் திருப்புத்திறன் வகைக் கோட்டம் அதைப் போல இரண்டு மடங்குக்குள் இருந்தால் "கோட்டம் உண்டு" என்று அடித்துச் சொல்லாதீர்கள். 0.66 என்பது மூன்று மடங்கு. சொல்லலாம்.

இதிலும் திறந்த பிரிவு விளையாடும். மேலே சொன்ன இருவரும் 150 நிமிடத்தில் இருந்தால் 0.66 என்பது 2.8 ஆகிவிடும். பௌலியின் 0.15 அப்படியே நிற்கும். போட்டோவிலிருந்து எடுக்கும்போது நான் பௌலியைத்தான் விரும்புகிறேன். நுணுக்கம் குறைவுதான், ஆனால் தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலக் காட்டாது.

## அறிகுறி 7: இரண்டு மேடு தெரிகிறது

முதலில், அது மேடுதானா என்று பாருங்கள். பக்கத்துப் பட்டைகள் இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், தற்செயலாகவே அவற்றுக்குள் எவ்வளவு வித்தியாசம் வரலாம் என்பதற்கு ஒரு தோராயம் கிடைக்கும். 14-க்கும் 9-க்கும் கூட்டல் 23, வர்க்கமூலம் 4.8. அவற்றின் வித்தியாசமோ 5. ஆக, இந்த வரிசையில் 9 இருக்கும் இடத்தில் 13 வந்திருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஓரத்தில் 5, 8, 4 என்று ஏறி இறங்கினால் அதற்குக் கதை கட்டாதீர்கள்.

மேடு இன்னும் நின்றால் அகலம் சமமா என்று பாருங்கள், அறிகுறி 1-இன் கடைசிப் பகுதியில் சொன்னதுதான். அதுவும் சரியென்றால் 30, 60 போன்ற வட்டமான எண்கள் விழும் பட்டைகளா என்று பாருங்கள். நேரத்தைக் குத்துமதிப்பாக எழுதும் இடங்களில் "அரை மணி", "ஒரு மணி" என்ற பதில்கள் அந்தந்தப் பட்டையைத் தூக்கிவிடும்.

எதுவும் இல்லையென்றால் உண்மையிலேயே இரண்டு கூட்டம் கலந்திருக்கலாம். டோக்கன் வாங்கி வந்தவர்களும் நேராக வந்தவர்களும், அல்லது காலை ஓ.பி.யும் மாலை ஓ.பி.யும். அப்போது ஒரே சராசரி எழுதுவதில் பொருள் இல்லை. இரண்டு மேட்டுக்கும் நடுவில் விழும் அந்தச் சராசரி நேரம், யாருமே காத்திராத நேரமாகக்கூட இருக்கலாம்.

## எப்போது அளவுகோலைக் கீழே வைப்பது

செலவில்லாத வழி ஒன்று உண்டு, அதை எல்லோரும் கடைசியில்தான் செய்கிறார்கள்: படம் யாருடையதோ அவரிடம் தரவைக் கேட்பது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நிகழ்வெண் அட்டவணையே சில சமயம் இருக்கும். மூன்று மணி நேரம் பிக்சல் எண்ணிய பிறகு பின்னிணைப்பைப் புரட்டி அட்டவணையைக் கண்டெடுத்த அனுபவம் எனக்கே உண்டு.

புள்ளியியல் தெரிந்தவரிடம் போக வேண்டிய இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கு. மொத்தம் எத்தனை பேர் என்று எங்குமே இல்லை, எனவே கூட்டிச் சரிபார்க்க வழியில்லை. பட்டைகளே நான்கைந்துதான், பாதிக் கூட்டம் ஒரே பட்டைக்குள் இருக்கிறது. திறந்த பிரிவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனாலும் சராசரியும் எஸ்.டி.யும் கட்டாயம் தேவை. அல்லது இந்த எண்ணை வைத்து உங்கள் ஆய்வுக்கு எத்தனை பேர் வேண்டும் என்று கணக்கிடப் போகிறீர்கள். நான்காவதில் அலட்சியம் வேண்டாம். அந்தக் கணக்கில் திட்ட விலக்கம் வர்க்கமாக நுழைகிறது. 16.1-க்குப் பதில் 21.5 என்றால், 100 பேர் போதும் என்று நினைத்த ஆய்வுக்கு ஏறக்குறைய 178 பேர் தேவைப்படும். போகும்போது போட்டோ, நீங்கள் படித்த எட்டு எண்கள், அவற்றின் கூட்டல் மூன்றையும் எடுத்துப் போங்கள். படத்தை மட்டும் கொண்டு போனால் அவரும் முதலில் பெயின்ட்டைத்தான் திறப்பார்.